வரன் தேடும் தளங்களில் நிற வடிகட்டி: 2020ஆம் ஆண்டு மடலும் அதன் எல்லையும்

2020 ஜூன் மாதத்தில், அமெரிக்காவில் ஜார்ஜ் பிளாய்ட் கொல்லப்பட்டதையடுத்து நிறவெறிக்கு எதிரான குரல் உலகெங்கும் எழுந்திருந்த வேளையில், ஷாதி.காம் என்னும் இந்தியத் திருமணத் தகவல் தளத்தைப் பயன்படுத்திய பெண் ஒருவர், அதிலுள்ள நிற வடிகட்டியை நீக்குமாறு அந்நிறுவனத்துக்கு எழுதினார். வடிகட்டி என்பது, வயது, படிப்பு, சாதி ஆகியவற்றைப் போலத் தோலின் நிறத்தையும் தேர்ந்து, அதற்கு ஒத்த வரன்களை மட்டும் பட்டியலிடக் கேட்கும் தேடல் வசதியாகும். பெரும்பாலான பெற்றோர் அதைக் கேட்கிறார்கள் என்பதே அவருக்குக் கிடைத்த விடை. இதையறிந்த டல்லாஸ் வாழ் பெண் ஒருவர் இணையத்தில் தொடங்கிய கோரிக்கை மனுவில் பதினான்கு மணி நேரத்துக்குள் 1,500க்கும் மேற்பட்டோர் ஒப்பமிட, நிறுவனம் வடிகட்டியை நீக்கியது. அது எப்பயனுமின்றி, அகற்றத் தவறிய எச்சமாகவே தளத்தில் கிடந்தது என்றும் விளக்கம் தந்தது.

இவ்விரு விடைகளும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. பெற்றோருக்குத் தேவையானது என முதலில் காக்கப்பட்ட ஒன்றே, பின்னர் பயனற்ற எச்சம் எனக் கைவிடப்பட்டது. எந்த நிறத்தைத் தேர்ந்தாலும் எல்லா நிறத்தவரும் பட்டியலில் வந்ததாக அப்போது செய்திகள் வெளியானதால், பின்னைய விளக்கத்தைப் பொய்யென்று தள்ளிவிட முடியாது. ஆயினும் வேலை செய்யாத வடிகட்டி தீங்கற்றது என்று அதிலிருந்து முடிவுகட்டுவது தவறு. ஏனெனில் நிறம் கேட்கத் தக்க தகுதி என்பதைத் தேடுவோர்க்கு உணர்த்த அந்தக் கேள்வி திரையில் இருந்தாலே போதும்.

வடிகட்டி உண்மையிலேயே இயங்கும் தளத்தில் தீங்கு வேறு வகையானது. பொத்தேரியில் மகளுக்கு வரன் பார்க்கும் குடும்பம் ஒன்று விவரப் படிவத்தில் ‘மாநிறம்’ என்று உண்மையாகவே குறிக்கிறது என்று கொள்வோம். ‘சிவப்பு’ என்பதை மட்டும் தேர்ந்த மாப்பிள்ளை வீட்டார்க்கு அப்பெண்ணின் படமோ படிப்போ ஜாதகமோ கண்ணில் படுவதேயில்லை. தரகர் கொண்டுவந்த வரனைத் தட்டிக்கழிப்பவர் ஏதேனும் காரணம் சொல்ல வேண்டியிருந்தது, அதற்கு அவர் கூசவும் நேர்ந்தது. இங்கோ மறுத்தவர்க்குத் தாம் மறுத்ததே தெரியாது, ‘ஏன் ஒரு வரனும் அமையவில்லை’ என்று கலங்கும் பெற்றோர்க்கும் காரணம் புலப்படாது. அடுத்த முறை அவர்கள் படிவத்தில் நிறத்தை ஒரு படி ஏற்றி எழுதினால், அந்தப் பொய்யைக் கேட்டு வாங்கியது படிவமே.

வடிகட்டியை நீக்கினால் நிற விருப்பம் மறைந்துவிடாது என்ற எதிர்வாதம் உண்மையே; புகைப்படம் இருக்கும்வரை கண் தேரத்தான் செய்யும். ஆனால் படத்தைப் பார்த்து மறுப்பவர் ஒரு மனிதரைப் பார்த்தபின் மறுக்கிறார், வடிகட்டியோ பார்க்கும் வாய்ப்பையே பறிக்கிறது. ஆகவே தேடல் பக்கத்தில் மட்டும் செய்யும் நீக்கம் அரைகுறையானது: தன் நிறத்தைக் கேட்கும் கட்டம், துணையின் நிறத்தைக் கேட்கும் விருப்பப் பகுதி, முன்பே பதிந்து வைத்த விடைகள் ஆகிய மூன்றும் அழிக்கப்பட்டாலன்றி அம்மடலின் கோரிக்கை நிறைவேறியதாகாது.