மலையேறினால் நோன்பு விடலாமா?



ஜவ்வாது மலையில் வேலை பார்க்கும் என் மாணவி ஒருத்தி போன வாரம் போன் செய்தாள். வாணியம்பாடியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள், இப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. "டீச்சர், மலைக்குப் போறது பயணம்தானே, நான் நோன்பு வைக்கணுமா?" என்றாள். 1983 ஜூன் மாதம் இதே கேள்வியோடு நானும் நின்றிருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ரமலான் நோன்பு கடமையானது ஹிஜ்ரி 2ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 624இல். நோயாளியும் பயணியும் அந்த நாட்களை வேறு நாட்களில் நோற்கலாம் என்ற சலுகை குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்திலேயே, அதே கட்டளையோடு சேர்ந்து வருகிறது. ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு ரமலானில் மக்காவை நோக்கிப் படை நடந்தபோது, நபிகள் எல்லாரும் பார்க்கும்படி தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள். அதன் பிறகும் சிலர் விடாமல் நோன்பிருந்ததை அவர்கள் மெச்சவில்லை.

எது பயணம் என்பதில்தான் பேச்சு நீண்டது. ஹனஃபி மத்ஹபின் பழைய கணக்கு மூன்று நாள் நடை. நம் நாட்டு ஆலிம்கள் அதை 48 மைலாக, சுமார் 77 கிலோமீட்டராக எடுத்துக்கொண்டார்கள். வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாகக் காவலூர் 40 கிலோமீட்டரைத் தாண்டாது.

நான் விடவில்லை. மலைப்பாதைக்கு மலை நடையைத்தான் அளவாகக் கொள்ள வேண்டும் என்று அந்தச் சட்ட நூல்களிலேயே இருக்கிறதே என்று மாமாவிடம் (என் மாமனார்) வாதாடினேன். சமவெளியில் ஒன்றரை நாள் தூரம்கூட மலையில் மூன்று நாள் ஆனால் அது பயணம்தான். அவர் சிரித்துவிட்டு, "ஆலங்காயம் வரைக்கும் தரைதானேம்மா. அதுக்கு மேல ஏறுறதுக்கு நம்ம மலைக்காரங்களுக்கு எத்தனை நாள் ஆகும்?" என்றார். சுமை தூக்கிக்கொண்டு காலையில் இறங்கி மாலையில் ஏறிவிடும் மனிதர்களை நான் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதோடு என் வாதம் முடிந்தது.

பயணம் இல்லை என்று ஆனதும், நோன்பை விடவே கூடாது என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். அதுதான் நான் செய்த தவறு. ஆறாவது மாதம். ஸஹர் முடிந்து நோன்பு திறக்கும் வரை பதினாலு மணி நேரத்துக்கு மேல், நடுவில் கொண்டை ஊசி வளைவுகளில் பஸ். ஒன்பதாம் நாள் கரும்பலகை கண்ணில் ஆடியது. சிறுநீர் மிகக் குறைந்து மஞ்சளாக வந்தது, பிள்ளையின் அசைவும் மந்தமாகத் தெரிந்தது. மறுநாள் டாக்டரம்மா பார்த்துவிட்டு, "இதையெல்லாம் பொறுத்துக்கிட்டு இருக்கக் கூடாது, உடனே தண்ணி குடிச்சிருக்கணும்" என்று கடிந்துகொண்டார்.

கர்ப்பிணிக்குத் தூரக் கணக்கே கிடையாது. தனக்கோ பிள்ளைக்கோ கேடு வரும் என்ற நியாயமான அச்சம் இருந்தால் போதும். சும்மா தோன்றும் பயம் இல்லை. முன் அனுபவமோ, உடம்பு காட்டும் அறிகுறியோ, நம்பகமான மருத்துவர் சொல்லோ இருக்க வேண்டும். நோயாளிக்கும் இதே அளவுகோல்தான். பகலில் நடுவழியில் அந்த நிலை வந்தாலும் அங்கேயே நோன்பை விட்டுவிடலாம்.

எனக்கு விடுபட்டவை இருபது நோன்புகள். மாமா வீட்டு ஹனஃபி முறைப்படி அவற்றைக் களாச் செய்தால் போதும், ஃபித்யா வேண்டாம். என் தாய்வீடு கீழக்கரை, ஷாஃபி மத்ஹபு. தனக்காகப் பயந்து விட்டால் களா மட்டும். பிள்ளைக்காக மட்டும் பயந்து விட்டால் களாவோடு நாளொன்றுக்கு ஒரு முத்து அரிசி ஏழைக்குக் கொடுக்க வேண்டும். முத்து என்பது இரு கை சேர்த்து ஒருமுறை அள்ளும் அளவு. "நீ யாருக்காகப் பயந்தே?" என்று உம்மா கடிதத்தில் கேட்டிருந்தார்கள். உண்மையைச் சொன்னால், தலை சுற்றியபோது எனக்காகப் பயந்தேன், அசைவு குறைந்தபோது பிள்ளைக்காக. இரண்டும் சேர்ந்தால் களா மட்டும்தான் என்று பதில் வந்தது. (நபித்தோழர் இப்னு அப்பாஸ், கர்ப்பிணி உணவளித்தாலே போதும், களாவும் வேண்டாம் என்று சொன்னதாக அறிவிப்பு உண்டு. நம் பக்கத்தில் அதைப் பின்பற்றுவதில்லை.)

மகள் அக்டோபரில் பிறந்தாள். பால் கொடுத்ததால் தை வரை காத்திருந்தேன். அப்போது பகலும் சிறிது, குளிரும் இருந்தது. அடுத்த ரமலானுக்குள் திங்கள், வியாழன் என்று ஒவ்வொன்றாக இருபதையும் நோற்று முடித்தேன். ஷாஃபியில் காரணமில்லாமல் அடுத்த ரமலானைத் தாண்டவிட்டால் நாளுக்கொரு முத்து கூடுதலாகச் சேரும். அதனால் உம்மா மாதாமாதம் எண்ணிக்கை கேட்டு எழுதிக்கொண்டே இருந்தார்கள்.

மாணவியிடம் இதையெல்லாம் சொல்லி, முதலில் டாக்டரைப் பார்த்துவிட்டு வா என்றேன். செவ்வாய்க்கிழமை போகிறாளாம்.