பாபநாசத்தில் பேருந்து புறப்பட்ட நேரம்: இருப்பிடப் பதிவுகளிலிருந்து நேர ஒழுங்கு அறிக்கை உருவாக்குதல்

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் செல்லும் சாலையில், அய்யம்பேட்டைக்கும் சுந்தரப்பெருமாள்கோவிலுக்கும் இடையே அமைந்துள்ள பாபநாசம், அவ்விரு நகரங்களுக்கிடையே ஓடும் பேருந்துகளுக்கு ஓர் இடைநிறுத்தமாகும். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரையிலான ஓட்டத்தை நடை என்று போக்குவரத்துத் துறையினர் வழங்குவர். அந்த நடையின் தொடக்க நேரமும் முடிவு நேரமும் முனையங்களில் குறிக்கப்படுகின்றன. முனையக் குறிப்புகளை மட்டும் கொண்டு நேர ஒழுங்கைக் கணக்கிட்டால், தஞ்சாவூரில் உரிய நேரத்தில் கிளம்பிக் கும்பகோணத்தை உரிய நேரத்தில் அடைந்த நடை குறையற்றதாகவே தோன்றும். இடையில் பாபநாசத்தை அது எப்போது கடந்தது என்ற வினா எழுவதேயில்லை. நேர ஒழுங்கு என்பது இடைநிறுத்தத்தில் பேருந்து புறப்படும் நேரத்தைக் கொண்டே அளக்கப்பட வேண்டும் என்பதும், அந்த அளவீட்டில் அறியப்படாதது எவ்வளவு என்பதை அறிக்கையே சொல்ல வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும்.

இவ்வாறு அளப்பதற்குச் சட்டத்திலும் இடம் உண்டு. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 72ஆவது பிரிவு, பயணிகள் பேருந்துக்கு உரிமம் வழங்கும் வட்டாரப் போக்குவரத்து ஆணையம் ஒப்புதல் பெற்ற கால அட்டவணையை வண்டியிலும் நிறுத்தங்களிலும் வைக்கச் சொல்லலாம் என்பதோடு, அந்த அட்டவணையிலிருந்து எவ்வளவு விலகலாம் என்ற வரம்பையும் நிபந்தனையாக விதிக்கலாம் என்கிறது. 1972இல் சோழன் போக்குவரத்துக் கழகமாகத் தொடங்கி, இன்று தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கும்பகோணம் பிரிவாக இயங்கும் நிறுவனத்தின் பேருந்துகளும் தனியார் பேருந்துகளும் டெல்டாச் சாலைகளில் முன்னும் பின்னுமாக ஓடுவதால், சில நிமிட விலகலும் முன்னால் செல்லும் வண்டிக்குக் கூடுதல் பயணிகளையும் வசூலையும் தேடித் தருகிறது. நேரத்துக்கு முன்பே நிறுத்தத்தைவிட்டு நகரும் பழக்கத்துக்கு இது வலுவான காரணம்.

வரம்பு எப்படி அமைய வேண்டும் என்பதில் பிற நாடுகளின் நடைமுறை உதவும். அமெரிக்காவின் பொதுப் போக்குவரத்துத் தரக் கையேட்டின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு, அட்டவணைக்கு ஒரு நிமிடம் முன்பு முதல் ஐந்து நிமிடம் பின்பு வரை புறப்படுவதை நேரத்துக்கு உட்பட்டதாகக் கொள்கிறது. முன்னும் பின்னும் சமமற்ற இவ்வரம்புக்குத் தெளிவான நியாயம் உண்டு. பேருந்து நான்கு நிமிடம் தாமதித்தால் நிறுத்தத்தில் நிற்பவர் நான்கு நிமிடம் கூடுதலாகக் காத்திருக்கிறார். அதே பேருந்து நான்கு நிமிடம் முந்திச் சென்றால், அட்டவணையை நம்பி வந்தவர் அடுத்த பேருந்து வரும்வரை காத்திருக்கிறார். அரை மணிக்கொரு பேருந்து உள்ள தடத்தில் இவ்விரண்டும் ஒரே அளவுள்ள பிழைகள் ஆகா. சராசரி விலகலை மட்டும் தரும் அறிக்கையில் ஐந்து நிமிடம் முந்திய ஒரு நடையும் ஐந்து நிமிடம் பிந்திய மற்றொரு நடையும் ஒன்றையொன்று ஈடுசெய்து சுழியமாகிவிடுவதால், முந்தியவை, உரிய நேரத்தவை, பிந்தியவை என்று எண்ணிக்கைகளைப் பிரித்தே தர வேண்டும்.

பதிவுகள் பெரும்பாலும் ஏ.ஐ.எஸ். 140 என்ற இந்தியத் தரத்துக்கு உட்பட்ட இருப்பிடக் கருவிகளிலிருந்து வருகின்றன. செயற்கைக்கோள் சமிக்ஞையிலிருந்து இடத்தைக் கணித்து, குறித்த இடைவெளியில் கைபேசி வலையமைப்பு வழியாகச் சேவையகத்துக்கு அனுப்புவது இக்கருவியின் வேலை. வலையமைப்பு கிடைக்காத இடத்தில் அது பதிவுகளைச் சேமித்து வைத்துப் பின்னர் மொத்தமாக அனுப்புகிறது. எனவே ஒவ்வொரு பதிவுக்கும் இடம் கணிக்கப்பட்ட நேரம், சேவையகம் பெற்ற நேரம் என இரண்டு நேரங்கள் உள்ளன. அறிக்கைக்கு முதலாவதே உரியது. இரண்டாவதைத் தவறி எடுத்தால், வலையமைப்பு அற்ற பகுதியைக் கடந்த பேருந்து பல நிறுத்தங்களை ஒரே நொடியில் தாண்டியதாகக் கணக்கு காட்டும். அத்தகைய வரிசை தென்படுவதே இத்தவற்றுக்கு அடையாளம்.

கணிக்கப்பட்ட நேரம் உலகப் பொது நேரத்தில் பதிவாவதால் இன்னொரு சிக்கல் உண்டு. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னே செல்வதால், காலை 5.30 மணிக்கு முந்தைய பதிவுகள் எல்லாம் முதல் நாள் தேதியைத் தாங்கியிருக்கும். விடியற்காலை 5.10 மணிக்குக் கிளம்பும் முதல் நடை முந்தைய நாளின் இரவு 11.40 மணியாகப் பதிவாகும். தேதியைத் திருத்தாமல் தொகுத்தால், அந்த நடை நாள்தோறும் ஓடாததாகவே கணக்கில் வரும். நள்ளிரவைக் கடந்து முடியும் கடைசி நடைகளும் பிளவுபடாதிருக்க, அதிகாலை 3 மணியில் தொடங்கும் ஒரு பணிநாளை வகுத்துக்கொள்வது நல்லது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில், நேர மண்டலக் குறிப்பின்றிச் சேமிக்கப்பட்ட `fix_utc` என்ற புலத்துக்கு அதை இவ்வாறு எழுதலாம்:

```sql
(fix_utc AT TIME ZONE 'UTC'
         AT TIME ZONE 'Asia/Kolkata'
         - INTERVAL '3 hours')::date AS service_day
```

அடுத்த பணி, அகலாங்கும் நெட்டாங்குமாக உள்ள இடக்குறிப்பைத் தடத்தின் வழியே அளந்த தொலைவாக மாற்றுவது. தஞ்சாவூர்ப் பேருந்து நிலையத்தைச் சுழியமாகக் கொண்டு, ஒவ்வொரு பதிவும் சாலையின் எத்தனையாவது மீட்டரில் விழுகிறது என்று கணக்கிடப்படும். செல்லும் பேருந்தும் திரும்பும் பேருந்தும் ஒரே சாலையில் ஒரே நிறுத்தத்தைக் கடப்பதால், நிறுத்தத்தைச் சுற்றி ஒரு வட்டம் வரைந்து அதற்குள் வந்த வண்டிகளை எண்ணினால் திசை குழம்பிவிடும். தொலைவு வளர்கிறதா குறைகிறதா என்று பார்த்தால் அக்குழப்பம் நீங்கும்.

நின்றிருக்கும் வண்டியின் இடக்குறிப்பும் சில மீட்டர்கள் அலைந்துகொண்டே இருக்கும். ஒரே ஒரு எல்லைக்கோட்டை வைத்தால், அந்த அலைவே வண்டி புறப்பட்டுத் திரும்பியதாகப் பொய்யாகக் காட்டும். இதைத் தவிர்க்க இரண்டு எல்லைகள் வேண்டும்: நிறுத்தத்திலிருந்து 40 மீட்டருக்குள் வந்தால் வருகை, 80 மீட்டருக்கு அப்பால் சென்று, அதே நடையில் மீண்டும் உள்ளே திரும்பாதிருந்தால் புறப்பாடு. சாலையோரத்தில் ஆளை ஏற்றிவிட்டு நிலையத்துக்குள் நுழைந்து மீண்டும் வெளிவரும் வண்டிகளுக்கும் கடைசி வெளியேற்றமே புறப்பாடாகக் கொள்ளப்படும்.

விளக்கத்துக்காக அமைத்த ஒரு நடையை முழுமையாகப் பார்க்கலாம். தஞ்சாவூரில் காலை 6.00 மணிக்குக் கிளம்பி, பாபநாசத்திலிருந்து 6.52க்குப் புறப்பட்டு, கும்பகோணத்தை 7.25க்கு அடைய வேண்டும் என்பது அட்டவணை. பாபநாசம் நிறுத்தம் தடத்தின் 25,000ஆவது மீட்டரில் உள்ளதாகவும், கருவி 30 நொடிக்கு ஒருமுறை பதிவதாகவும் கொள்வோம்.

```
fix_utc    dist_m   speed_kmh
01:18:10   24850    22
01:18:40   24985     4
01:19:10   25000     0
01:19:40   25010     0
01:20:10   25000     0
01:20:40   25170    31
```

ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால், பேருந்து 6:50:10க்கு நிறுத்தத்தில் நின்றது, 6:50:40க்கு 170 மீட்டர் அப்பால் சென்றுவிட்டது என்று தெரிகிறது. இரண்டுக்கும் இடையே சீரான வேகத்தைக் கொண்டு கணித்தால், 80 மீட்டர் எல்லையை அது 6:50:24 அளவில் கடந்தது. நின்ற வண்டி மெல்லத்தான் வேகம் பிடிக்கும் என்பதைக் கணக்கில் கொண்டு சீரான முடுக்கத்தை ஏற்றால் அது 6:50:31 ஆகும். எந்த முறையைத் தேர்ந்தாலும் உண்மை நேரம் அந்த 30 நொடிக்குள்தான் இருக்க முடியும். அதாவது பேருந்து குறைந்தது 1 நிமிடம் 20 நொடியும் மிகுந்தது 1 நிமிடம் 50 நொடியும் முந்திப் புறப்பட்டிருக்கிறது. இரு எல்லைகளுமே ஒரு நிமிட வரம்பைத் தாண்டுவதால், இந்த நடை முந்தியது என்ற தீர்ப்பு உறுதியானது. இதே பேருந்து கும்பகோணத்தை 7.25க்குச் சரியாக அடைந்திருந்தால், முனையக் கணக்கில் இது ஒழுங்கான நடையாகவே பதிவாகியிருக்கும், 6.51க்கு நிறுத்தத்துக்கு வந்தவர் மட்டும் அதைத் தவறவிட்டிருப்பார்.

கருவி ஒரு நிமிடத்துக்கு ஒருமுறைதான் பதிந்திருந்தால் தீர்ப்பின் உறுதி குலைந்துவிடும். 6:50:10க்கு நின்றதும் 6:51:10க்கு வெகுதொலைவு சென்றதும் மட்டுமே தெரிந்திருந்தால், முந்திய அளவு 50 நொடிக்கும் 1 நிமிடம் 50 நொடிக்கும் இடையில் எங்கும் இருக்கலாம். வரம்போ அதற்கு நடுவில் விழுகிறது. இத்தகைய நடையை ஒரு பக்கமாகத் தள்ளாமல், முடிவு செய்ய இயலாதது எனத் தனியே காட்டுவதே நேர்மையான வழி. ஓர் ஓட்டுநருக்கு விளக்கக் குறிப்பாணை அனுப்ப இந்த அறிக்கை பயன்படக்கூடும் என்பதை எண்ணினால், இந்த நேர்மை வெறும் புள்ளியியல் நுணுக்கமாக நின்றுவிடுவதில்லை.

இதனினும் பெரிய பிழை வகுஎண்ணில் நேர்கிறது. ஒரு நிறுத்தத்துக்கு ஒரு நாளில் அட்டவணைப்படி 20 நடைகள் இருக்க, அவற்றுள் 14க்கு மட்டும் பதிவுகள் கிடைத்து, அவற்றில் 10 உரிய நேரத்தில் புறப்பட்டதாகக் கொள்வோம். பதிவு உள்ளவற்றை மட்டும் எண்ணும் மென்பொருள் 71 விழுக்காடு என்று சொல்லும். பதிவற்ற ஆறில் இரண்டு ஓடவேயில்லை என்றும், நான்கில் கருவி பழுது என்றும் தெரியவந்தால், ஓடாத இரண்டும் தவறியவை என்றே கணக்கில் சேர வேண்டும். ஏனெனில் வராத பேருந்தைவிடப் பெரிய தாமதம் பயணிக்கு இல்லை. மற்ற நான்கும் நேரத்துக்குச் சென்றனவா என்பது தெரியாததால், உண்மை 50 விழுக்காட்டுக்கும் 70 விழுக்காட்டுக்கும் இடையில் உள்ளது என்றே சொல்ல முடியும். மென்பொருள் தந்த 71 அந்த எல்லைக்குள்ளேயே வரவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

ஓடாததையும் கருவி பழுதானதையும் பிரித்தறிய இருப்பிடப் பதிவுகள் மட்டும் போதா. நடத்துநரின் பயணச்சீட்டு இயந்திரத்தில் அந்த நடைக்குச் சீட்டு கிழிக்கப்பட்டிருந்தால் வண்டி ஓடியது உறுதி. பணிமனையில் ஒரு வண்டி பழுதாகி மாற்று வண்டி அனுப்பப்பட்ட நாளில், பழைய வண்டியின் கருவி பணிமனையிலேயே நின்றுகொண்டிருக்கும். எந்த வண்டி எந்த நடைக்குச் சென்றது என்ற அன்றைய பதிவேட்டோடு ஒப்பிட்டால்தான் அந்த நடை சரியான கருவியோடு இணையும். முழு வேலையிலும் மிகுந்த உழைப்பைக் கேட்பது இந்த இணைப்புதான்.

அறிக்கை கிடைத்த பின் அதை யார்மேல் ஏவுவது என்ற கேள்வி எஞ்சுகிறது. ஒரு நடை ஒரு நாள் முந்தினால் அது ஓட்டத்தின் குறை. யார் ஓட்டினாலும் மாதக்கணக்கில் அதே நிறுத்தத்தில் அதே அளவு முந்தினால், குறை பெரும்பாலும் அட்டவணையில் உள்ளது. டெல்டாவில் இதைப் பருவத்தோடு சேர்த்தே பார்க்க வேண்டும். சம்பா அறுவடை நடக்கும் தை, மாசி மாதங்களில் அறுவடை இயந்திரங்களும், கொள்முதல் நிலையங்களுக்குச் செல்லும் நெல் வண்டிகளும், சாலையோரத்தில் நெல் காயவைப்பதும் ஓட்ட நேரத்தை நீட்டுகின்றன. அறுவடைக் காலத்தையும் பிற மாதங்களையும் ஒன்றாகக் கலந்து எடுத்த இடைநிலை மதிப்பு எந்தப் பருவத்துக்கும் பொருந்தாது. அறுவடைக்கு ஏற்ற நேரத்தை ஆண்டு முழுதுக்கும் வைத்தால், சாலை வெறிச்சோடிய மாதங்களில் ஓட்டுநர் நிறுத்தத்தில் வீணே காத்திருக்க வேண்டும் அல்லது முந்திச் செல்ல வேண்டும். பிற மாதங்களுக்கு ஏற்றதை வைத்தால், தை மாதத்தில் ஒவ்வொரு நடையும் பிந்தும். ஆகவே தஞ்சாவூர் முதல் பாபநாசம் வரையிலான ஓட்ட நேரத்தின் இடைநிலை மதிப்பையும், நூற்றில் எண்பத்தைந்து நடைகள் எந்த நேரத்துக்குள் முடிந்தன என்ற மதிப்பையும் பருவவாரியாகத் தனித்தனியே தந்து, புறப்பாட்டு நேரத்தை எந்த மாதங்களில் எத்தனை நிமிடம் நகர்த்தலாம் என்ற முன்மொழிவை வட்டாரப் போக்குவரத்து ஆணையத்தின் முன் வைப்பதற்கு ஏற்ற வடிவில் அறிக்கை அமைய வேண்டும்.