கவிழாத கிண்ணம்

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், டெர்பிஷயரிலும் ஸ்டாஃபோர்ட்ஷயரிலும் இருந்த குயவர்கள் சாக்கடைக் குழாய், ஊறுகாய் ஜாடி, மதுக்குடம் என்று எதையெதையோ வனைந்தார்கள். அதே கெட்டி மண்ணில் நாய்களுக்கும் ஒரு பாத்திரம் செய்தார்கள். சூளை 1200 டிகிரியைத் தாண்டிச் சிவந்து நிற்கும்போது உள்ளே உப்பை வாரி எறிவது அவர்கள் வழக்கம். உப்பிலிருந்த சோடியம் ஆவியாகி, மண்ணிலிருந்த சிலிக்காவோடு சேர்ந்து, பாத்திரத்தின் மேல் கண்ணாடிப் படலமாகப் படியும். நாய்ப் பாத்திரத்துக்கு அவர்கள் கொடுத்த வடிவம் கொஞ்சம் விசித்திரமானது. அடி அகலம், வாய் குறுகல். பானை, கிண்ணம், குவளை எல்லாம் ஒரு பக்கம் என்றால் இது நேர் எதிர்ப்பக்கம். பெரிய வேட்டை நாய் விளிம்பில் காலைப் போட்டாலும் அது அசையவில்லை. ஏன் அசையவில்லை என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அந்த அலட்சியத்துக்குப் பிற்காலத்தில் விலை கொடுக்க வேண்டியிருந்தது.

பீங்கானின் தொல்லை வேறு இடத்தில் இருந்தது. கீழே விழுந்தால் உடையும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். சத்தமில்லாத தொல்லை மேற்பூச்சில் ஒளிந்திருந்தது. குறைந்த சூட்டில் சுட்ட மலிவான மண்பாண்டங்களுக்குப் பளபளப்பு தர ஈயப் பூச்சு பூசினார்கள். பூசிய தொழிலாளிகளே ஈய நஞ்சேறிப் படுத்தார்கள். ஈயம் இல்லாத பூச்சிலும் ஒரு சிக்கல் உண்டு. சூளையிலிருந்து இறங்கி ஆறும்போது மண்ணைவிடப் பூச்சு அதிகமாகச் சுருங்கினால், மேற்பரப்பெங்கும் சிலந்தி வலை மாதிரி மெல்லிய விரிசல் ஓடும். சில விரிசல்கள் மாதக்கணக்கில் கழித்துத்தான் தலைகாட்டும். பார்க்க அழகாகக்கூட இருக்கும். அந்த விரிசலுக்குள் எது குடியேறும் என்ற கேள்வி நூறு வருடங்களுக்கு மேல் காத்திருந்தது.

அதற்குள் கதை ஷெஃபீல்டுக்குத் தாவியது. அங்கே ஹாரி பிரியர்லி என்றொரு உலோகவியலாளர். பன்னிரண்டு வயதில் இரும்பாலை ஆய்வகத்தில் சீசா கழுவும் பையனாக நுழைந்து, படிப்படியாக ஆய்வகத் தலைமைக்கு உயர்ந்தவர். 1912-ல் அவரிடம் வந்த வேலைக்கும் சாப்பாட்டுப் பாத்திரத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. துப்பாக்கிக் குழல்கள் சுடச்சுட உள்ளே தேய்ந்துபோகின்றன, தேயாத இரும்பு வேண்டும் என்றார்கள். பிரியர்லி குரோமியத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தார். 1913 ஆகஸ்ட் 13 அன்று வார்த்த இரும்பில் 12.8 சதவீதம் குரோமியம் இருந்தது. உலோகத்தின் உள்ளமைப்பை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டுமானால் முதலில் அமிலத்தால் அரிக்க வேண்டும். அமிலத்தைத் தடவினார். அரிக்கவில்லை. வினிகர், எலுமிச்சைச் சாறு என்று சமையலறைப் புளிப்புகளையும் ஊற்றிப் பார்த்தார். கறைகூடப் படியவில்லை. குப்பையில் கிடந்த குழல் ஒன்று மட்டும் துருப்பிடிக்காமல் மின்னியதைக் கண்டு அவர் துள்ளிக் குதித்ததாக ஒரு கதை உலவுகிறது. அது பிற்காலத்துக் கைச்சரக்கு என்றுதான் தோன்றுகிறது. குழலுக்கு ஆகாத இரும்பு கத்திக்கு ஆகும் என்று அவருக்குப் பட்டது. ஷெஃபீல்டின் கத்தித் தொழிலோ அவரைப் பார்த்துச் சிரித்தது.

சிரிப்பில் நியாயம் இருந்தது. அந்த இரும்பைப் பழைய முறையில் காய்ச்சி அடித்தால் கத்தி வெட்டாது, அல்லது உளியையே உடைக்கும். வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்ற கேலிப் பெயர் பிரியர்லிக்கு வந்தது. மோஸ்லி என்ற கத்திப் பட்டறையின் மேலாளர் எர்னஸ்ட் ஸ்டூவர்ட் மட்டும் விடாமல் முயன்று, சரியான சூட்டைக் கண்டுபிடித்து, கூர்மையான கத்தியை எடுத்துக் காட்டினார். கறைபடாத இரும்பு என்று பொருள்படும் பெயரையும் அவர்தான் வைத்தார். உரிமை யாருக்கு என்று நிறுவனத்தோடு தகராறாகி, 1915-ல் பிரியர்லி வேலையை விட்டே போனார். ஆனால் இத்தனை பாடுபட்டுப் பிறந்த அந்த இரும்பில் ஒரு கிண்ணம்கூடச் செய்ய முடியாது!

அது கடினமான இரும்பு. கத்திக்குப் பொருந்தும், தகடாக்கி அச்சில் ஆழமாக அழுத்தினால் கிழியும். வழி ஜெர்மனியில் இருந்தது. எஸ்ஸன் நகரத்து க்ரூப் ஆலையில் பென்னோ ஸ்ட்ராஸ், எட்வர்ட் மௌரர் இருவரும் 1912-லேயே குரோமியத்தோடு நிக்கலையும் சேர்த்துக் காப்புரிமைக்கு விண்ணப்பித்திருந்தார்கள். நிக்கல் சேர்ந்ததும் இரும்பு இளகிக்கொடுத்தது. பிரியர்லி விட்டுப்போன நாற்காலியில் உட்கார்ந்த வில்லியம் ஹாட்ஃபீல்டு 1924-ல் அளவைச் செம்மைப்படுத்தினார். 18 பங்கு குரோமியம், 8 பங்கு நிக்கல். நம் வீடுகளில் எவர்சில்வர் என்று அழைக்கப்படும் உலோகத்தின் நல்ல ரகம் இதுதான். குரோமியம் காற்றோடு சேர்ந்து, கண்ணுக்கே தெரியாத ஒரு படலத்தை மேலே போர்த்திக்கொள்ளும். நாய்ப் பல் கீறினாலும் கீறிய இடத்தில் அந்தப் படலம் தானே வளர்ந்து மூடிவிடும். விழுந்தால் நெளியும், உடையாது. கொதிநீரை ஊற்றலாம். பாத்திரச் சந்தைக்கு இதைவிட என்ன வேண்டும்? வடிவம் வேண்டும். அதுதான் அச்சில் ஏறும்போது தொலைந்துபோனது.

தகட்டை அழுத்தும் அச்சு வேலை முடிந்ததும் வெளியே வர வேண்டும். ஆகையால் கிண்ணம் மேலே விரிந்தும் கீழே குறுகியும்தான் பிறக்கும். பழைய குயவர் செய்ததற்கு அப்படியே தலைகீழ். வாய் 20 சென்டிமீட்டர், அடி 14 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், விளிம்பில் விழும் பாதம் அடிப்பரப்புக்கு 3 சென்டிமீட்டர் வெளியே விழுகிறது. கிண்ணத்தின் சொந்த எடையோ 7 சென்டிமீட்டர் உள்ளே தள்ளி நிற்கிறது. 250 கிராம் எடையுள்ள காலிக் கிண்ணத்தைக் குடைசாய்க்க 600 கிராம் அழுத்தம் போதும். ஒரு குட்டி நாய்க்கே அது எளிது. ஒரு லிட்டர் தண்ணீர் நிறைந்திருந்தாலும் மூன்று கிலோ அழுத்தத்தில் தரை நனைந்துவிடும். சிமென்ட் தரையில் அது உருளும் சத்தத்தைக் கேட்டே சில நாய்கள் மிரண்டு தள்ளி நின்றன. இந்த நேரத்தில்தான் சத்தமே போடாத ஒரு பொருள் உள்ளே நுழைந்தது.

அதன் பிறப்பு மட்டும் சத்தமானது. 1933 மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை, செஷயர் மாவட்டம் வின்னிங்டனில் இருந்த ஐ.சி.ஐ. ஆய்வகத்தில் எரிக் ஃபாசெட்டும் ரெஜினால்டு கிப்சனும் எத்திலீன் வாயுவை இன்னொரு வேதிப்பொருளோடு கலந்து, கிட்டத்தட்ட 1900 வளிமண்டல அழுத்தத்தில், 170 டிகிரி சூட்டில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். திங்கள்கிழமை வந்தால் கருவி கசிந்து அழுத்தம் இறங்கியிருந்தது. சோதனை தோல்விதான். குழாய் முனையில் மட்டும் மெழுகு மாதிரி வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. அதுதான் பாலித்தீன். மறுபடி செய்யப் பார்த்தபோது கருவி வெடித்தது. வேலை நிறுத்தி வைக்கப்பட்டது. 1935 டிசம்பரில் மைக்கேல் பெரின் குழு துணிந்து மீண்டும் தொடங்கியது. அப்போதும் கருவி கசிந்தது. குறைந்த வாயுவை நிரப்பப் புதிதாக எத்திலீனை ஏற்றினார்கள். அதில் தற்செயலாகக் கலந்திருந்த துளி ஆக்சிஜன்தான் வினையைத் தூண்டிவிட்டது. உலகப் போரில் ராடார் கம்பிகளுக்கு உறையாக இருந்த அந்த மெழுகு, போர் முடிந்ததும் வாளியாகவும் டப்பாவாகவும் வீட்டுக்குள் வந்தது. 1950களில் அதன் தம்பி பாலிப்ராப்பிலீனும் சேர்ந்துகொண்டது.

பிளாஸ்டிக்கை எந்த வடிவத்திலும் வார்க்கலாம். குயவரின் அகல அடியும் திரும்பி வந்தது. கவிழவில்லை, உருளும் சத்தமில்லை, விலையும் மலிவு. நாய்கள்தான் வேறு மாதிரி நினைத்தன. கவிழ்க்க முடியாததைத் தூக்கிக்கொண்டு போகலாமே! பஞ்சு போன்ற எடை, பல்லுக்கு இதமான மென்மை. பல் முளைக்கும் குட்டிகளுக்கு அது கடிபொம்மை. கடித்துப் பெயர்ந்த துண்டை விழுங்கினால் குடலில் அடைப்பு வரும். விழுங்காவிட்டாலும் பற்தடங்கள் மிஞ்சும். அந்தப் பள்ளங்களில் எச்சிலும் கொழுப்பும் தங்கி, கிருமிகள் கூடி வழவழப்பான படலம் கட்டும். தண்ணீரில் அலசினால் அது போகாது. விரலை உள்ளே ஓட்டினால் வழுக்கும், அதுதான் அடையாளம். பூனைகளின் மோவாயில் கருப்பு முள் போலப் பருக்கள் வருவதற்குக் கீறல் விழுந்த பிளாஸ்டிக் கிண்ணமும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று கால்நடை மருத்துவர்கள் சந்தேகித்தார்கள். கிண்ணத்தை மாற்றச் சொல்வது அந்தச் சிகிச்சையின் முதல் படிகளில் ஒன்றானது. பிளாஸ்டிக்தான் குற்றவாளி என்று தீர்ப்பெழுதத் தோன்றும் இடம் இது. அங்கே ஒரு சிறிய சோதனை குறுக்கிட்டது.

2018-ல் இங்கிலாந்தின் ஹார்ட்புரியில் ஆறு நாய்களின் தண்ணீர்க் கிண்ணங்களைப் பிளாஸ்டிக், பீங்கான், எவர்சில்வர் என்று மாற்றி வைத்து, 14 நாட்கள் கிருமிகளைக் கண்காணித்தார்கள். எண்ணிக்கையில் முதலிடம் பிளாஸ்டிக்குக்குத்தான். ஆனால் நோய் பரப்பக்கூடிய பொல்லாத வகைகள் அதிகம் தென்பட்டது பீங்கானில்! எந்தக் கிண்ணமானாலும் நாளாக நாளாகக் கிருமி கூடவும் செய்தது. ஆறு நாய்களை வைத்து உலகத்துக்கே தீர்ப்புச் சொல்ல முடியாதுதான். ஆனால் வழவழப்பாக இருப்பது வேறு, சுத்தமாக இருப்பது வேறு என்று காட்ட அது போதுமானதாக இருந்தது. எவர்சில்வர் தப்பித்தது. அதன் பழைய நோயான கவிழ்தல் மட்டும் பாக்கியிருந்தது.

அதற்கும் மருந்து ஏற்கெனவே கடைகளில் தொங்கிக்கொண்டிருந்தது. அச்சில் பிறந்த குறுகிய கிண்ணத்தைச் சுற்றி, கீழே விரியும் இன்னொரு தகட்டைப் பாவாடை போல வைத்து, விளிம்பில் இரண்டையும் மடித்து இணைத்திருந்தார்கள். அடியில் ஒரு ரப்பர் வளையம். வாய் 20 என்றால் அடி 24. பாதம் எங்கே விழுந்தாலும் அடிப்பரப்புக்கு உள்ளேதான் விழும். எத்தனை கிலோ அழுத்தினாலும் குடைசாயாது. ரப்பர் இருப்பதால் நகராது, சத்தமும் போடாது. செல்லப்பிராணிக் கடைகளில் யாரும் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்காத அந்தச் சாதாரண நாய்க் கிண்ணம் இதுதான். துப்பாக்கிக்காக வார்த்த இரும்பின் உறவு, டெர்பிஷயர் குயவரின் உருவத்தை எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்திருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. ரப்பர் வளையத்துக்கும் தகட்டுக்கும் நடுவே தண்ணீர் புகுந்து கருப்புப் பூசணம் கட்டும். வளையம் கழற்றக்கூடியதாக இருந்தால் வாரம் ஒருமுறை கழற்றித் தேய்க்க வேண்டும். நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்த மலிவு ரகத்திலும் காந்தம் ஒட்டாது, ஆகவே காந்தச் சோதனை அதைக் காட்டிக்கொடுக்காது. உப்புத் தண்ணீர் ஊற்றிய சில வாரங்களில் பழுப்புப் புள்ளிகள் விழுந்தால்தான் சாயம் வெளுக்கும். வெயிலில் வைத்தால் தண்ணீர் சீக்கிரம் சுடும். முற்றத்து நிழலுக்கும் வயதான, கடிக்காத நாய்க்கும் விரிசலில்லாத கனத்த பீங்கான் இன்றும் நல்ல தேர்வுதான். பிளாஸ்டிக் பயணப் பைக்குப் போதும், பல்தடம் விழுந்த அன்றே குப்பைக்குப் போக வேண்டும். 2022-ல் அமெரிக்காவில் 417 நாய் வளர்ப்போரிடம் கேட்டபோது, தினமும் கிண்ணத்தைக் கழுவுவதாகச் சொன்னவர்கள் 12 சதவீதம் பேர்தான். வீட்டில் கிடந்து கடித்துக் கவிழ்க்கும் நாய்க்கு, அகல அடி எவர்சில்வர் கிண்ணமும் ஒவ்வொரு வேளைக்குப் பின் சோப்பும் சுடுதண்ணீரும்தான் சரி.