ஒருமுறை மட்டும் காணும் படம்

ஒருமுறை மட்டும் காணும் படம் என்பது அரட்டைச் செயலி வழியாக அனுப்பப்பட்டு, பெறுபவர் திறந்து பார்த்து மூடியதும் உரையாடலிலிருந்து நீங்கிவிடும் புகைப்படத்தையோ காணொளியையோ குறிக்கும். வாட்ஸ்அப்பில் இது ‘வியூ ஒன்ஸ்’ என வழங்குகிறது. படத்தை அனுப்பும் முன் தலைப்பு எழுதும் கட்டத்தின் அருகே வட்டத்துக்குள் உள்ள 1 என்னும் குறியைத் தொட்டால் இது இயங்கும். ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாகத் தொட வேண்டும். இதற்கு நெருங்கிய உறவுடைய இன்னொரு வசதி, குறித்த காலம் கடந்ததும் செய்திகள் தாமே மறையும் ‘மறையும் செய்திகள்’. இரண்டிலும் படம் மறைகிறது. ஆனால் மறைவதற்கான காரணம் ஒன்றல்ல.

தோற்றம்

பார்த்ததும் மறையும் படத்தைப் பரவலாக்கியது ஸ்னாப்சாட். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மாணவர்கள் 2011 ஜூலையில் ‘பிக்காபூ’ என்ற பெயரில் வெளியிட்ட செயலி, அதே ஆண்டு செப்டம்பரில் ஸ்னாப்சாட் என்ற பெயரைப் பெற்றது. வாட்ஸ்அப் 2020 நவம்பரில் 7 நாள் கெடுவுடன் மறையும் செய்திகளைத் தந்தது. 2021 ஆகஸ்டில் ஒருமுறை மட்டும் காணும் படங்கள் வந்தன. அவ்வாண்டு டிசம்பரில் மறையும் செய்திகளுக்கு 24 மணி நேரம், 90 நாள் ஆகிய கெடுக்களும் சேர்ந்தன.

ஒரு படத்தின் பயணம்

அக்கா ஒருவர் தம் வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தைப் படமெடுத்து, பணம் செலுத்தப் போகும் தம்பிக்கு வியூ ஒன்ஸ் முறையில் அனுப்புவதாகக் கொள்வோம்.

அனுப்பும் பொத்தானைத் தொட்டதும் அக்காவின் கைபேசி அந்தப் படத்துக்கென்றே புதிய சாவி ஒன்றை உருவாக்கி, அதைக் கொண்டு படத்தைப் பூட்டுகிறது. பூட்டிய கோப்பு வாட்ஸ்அப்பின் சர்வருக்குப் போகிறது. சாவியைச் சர்வரால் அறிய முடியாது. அது கோப்பு இருக்கும் இடத்தின் முகவரியோடு சேர்ந்து, முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்பட்ட செய்தியாகத் தம்பியின் கைபேசியை அடைகிறது. இதுவரை நடந்தது எல்லாப் படங்களுக்கும் நடப்பதுதான். வேறுபாடு செய்தியோடு வரும் ஒரு சிறு குறிப்பில் இருக்கிறது: `viewOnce` என்ற குறி. இந்தப் படத்தை ஒருமுறை காட்டியபின் வைத்திருக்காதே என்று தம்பியின் செயலிக்குச் சொல்வது அதுவே.

தம்பியின் திரையில் படத்தின் முன்தோற்றம் வருவதில்லை. வட்டத்துக்குள் 1 என்ற குறியும், இது புகைப்படம் என்ற சொல்லும் மட்டுமே தெரியும். அவர் அதைத் தொட்டதும் கோப்பு திறக்கப்பட்டு முழுத்திரையில் படம் தோன்றுகிறது. அது கேலரியில் சேராது. முன்னனுப்பவோ, சேமிக்கவோ, நட்சத்திரமிடவோ இயலாது. பின்செல்லும் அம்பைத் தொட்டு வெளியே வந்ததும், ‘திறக்கப்பட்டது’ என்ற சொல் மட்டும் உரையாடலில் எஞ்சும். வங்கி கவுண்டரில் நிற்கும் தம்பி கணக்கு எண்ணின் கடைசி இலக்கங்களை மறந்துவிட்டால், அந்தக் குறியை எத்தனை முறை தொட்டாலும் படம் வராது.

அக்காவின் உரையாடலிலும் அது திறக்காது, ஏனெனில் அனுப்பிய கணத்திலிருந்தே அனுப்பியவரும் அதை உரையாடலில் காண முடியாது. கேலரியிலிருந்து எடுத்து அனுப்பியிருந்தால் மூலப்படம் அங்கே இருக்கும். அதை மறுபடி அனுப்புவதே வழி. தம்பி திறக்கவே இல்லையென்றால், அனுப்பிய 14 நாளில் படம் காலாவதியாகிவிடும்.

மறுமுறைக்கு ஏன் இடமில்லை

தம்பி படத்தைச் சரியாகப் பார்த்தாரா என்பதைச் செயலி அறிய வழியில்லை. கண்ணாடி இல்லாமல் திறந்தாரா, கைதவறித் தொட்டாரா, எண்ணை எழுதிக்கொண்டாரா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. திறந்தது, மூடியது என்ற இரு நிகழ்வுகளை மட்டுமே அது காண்கிறது. ஆகவே விதியை அந்த நிகழ்வின்மேல்தான் கட்ட முடியும்.

ஒருவேளை தேவைப்படலாம் என்று படத்தை நீக்காமல் மறைத்துவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்னாப்சாட்டின் தொடக்ககாலமே சான்று. 2013இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், கணினித் தடயவியல் ஆய்வாளர் ரிச்சர்ட் ஹிக்மன் ஆண்ட்ராய்டு கைபேசியில் அந்தச் செயலியை ஆராய்ந்தார். காலாவதியான படங்கள் கைபேசியிலேயே இருந்தன. கோப்புப் பெயரின் இறுதியில் `.nomedia` என்று சேர்க்கப்பட்டிருந்தது. அந்த ஒட்டு கண்ட கோப்பைக் கேலரி காட்டாது, அவ்வளவே. ஒட்டை நீக்கினால் படம் திரும்ப வந்தது. இதுபோன்ற குறைகளைச் சுட்டி, படங்கள் என்றென்றைக்கும் மறைகின்றன என்ற விளம்பரம் பயனர்களை ஏமாற்றியது என அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையம் 2014இல் குற்றம் சாட்டியது. நிறுவனம் உடன்படிக்கைக்கு வந்து, தன் தனியுரிமை நடைமுறைகளை 20 ஆண்டுகளுக்கு வெளியார் கண்காணிக்க ஒப்புக்கொண்டது.

கைபேசியில் இருக்கும் கோப்புக்குச் செயலியின் திரை ஒன்றே வாசல் அன்று. கோப்பு மேலாளர், பேக்கப், இணைத்த கணினி எனப் பல வாசல்கள் உண்டு. மறுமுறை காட்டுவதற்காக வைத்திருக்கும் படம் அந்த வாசல்களுக்கும் உரியதாகிவிடும். மூடிய உடனே நீக்குவது இதனால்தான். வாட்ஸ்அப்பில் திறந்த படம் பேக்கப்பில் சேராது. ஆனால் பேக்கப் எடுக்கும் வேளையில் திறக்கப்படாமல் இருந்த படம் அதில் சேர்ந்து, பின்னர் மீட்கப்படலாம்.

இரண்டு கடிகாரங்கள்

மறையும் செய்திகளில் படத்தைப் போக்குவது பார்வை அல்ல, காலம். வாட்ஸ்அப்பில் அந்தக் காலம் செய்தி அனுப்பப்பட்ட நொடியில் தொடங்குகிறது. 24 மணி நேரக் கெடு வைத்த உரையாடலில் அக்கா காலை 9 மணிக்குப் படம் அனுப்பினால், மறுநாள் காலை 8 மணிக்குத் திறக்கும் தம்பிக்கு ஒரு மணி நேரமே கிடைக்கும். 10 மணிக்குத் திறந்தால் படம் இருக்காது. அவர் ஒருமுறைகூடப் பார்க்காமலே அது போயிருக்கும். சிக்னல் செயலியில் கணக்கு வேறு. அனுப்பியவர் பக்கம் அனுப்பியதிலிருந்தும், பெற்றவர் பக்கம் படித்ததிலிருந்தும் காலம் ஓடுகிறது.

வாட்ஸ்அப்பின் மறையும் செய்திகளில் படம் சேமிக்கப்படுவதற்குத் தடையும் குறைவு. பெறுபவரின் கைபேசியில் தானியங்கிப் பதிவிறக்கம் இயங்கினால், உரையாடலில் மறைந்த படம் கேலரியில் தங்கிவிடலாம். மறையும் வசதி இல்லாத வேறோர் உரையாடலுக்கு முன்னனுப்பினால் அங்கேயும் தங்கும். பார்வைக்குப்பின் படம் இருக்கக்கூடாது என்று கருதுபவருக்கு இது போதாது. உரையாடலில் குப்பை சேராமல் இருக்கவே இது பொருத்தம்.

ஸ்கிரீன்ஷாட் தடை

தொடக்கத்தில் வியூ ஒன்ஸ் படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுக்க முடிந்தது. 2022இல் வாட்ஸ்அப் அதற்குத் தடை விதித்தது. ஆண்ட்ராய்டில் இதற்கென `FLAG_SECURE` என்ற குறி உண்டு. செயலி தன் திரைக்கு அதை இட்டால், இயங்குதளமே அத்திரையைப் படமெடுக்க விடாது. திரைப்பதிவு செய்தாலும் அப்பகுதி கறுப்பாக வரும். ஸ்னாப்சாட் வேறு வழியைத் தேர்ந்தது: ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் அனுப்பியவருக்குத் தெரிவிப்பது. இது தடுப்பதில்லை, தெரியப்படுத்துகிறது.

இன்னொரு கைபேசியை எதிரே பிடித்துத் திரையைப் படமெடுப்பவரை எந்தக் குறியாலும் தடுக்க இயலாது. அப்படி எடுத்தது அனுப்பியவருக்குத் தெரியவும் வராது.

2024ஆம் ஆண்டின் ஓட்டை

மறைதல் முழுவதும் பெறுபவரின் செயலி காட்டும் கீழ்ப்படிதலைச் சார்ந்தது என்பதை 2024 செப்டம்பரில் வெளியான ஆய்வு தெளிவாக்கியது. ஜென்கோ நிறுவனத்தின் இணை நிறுவனர் டால் பெரி, வியூ ஒன்ஸ் செய்தி பெறுபவரின் இணைந்த கருவிகள் எல்லாவற்றுக்கும், கணினி உலாவியில் இயங்கும் வாட்ஸ்அப் வெப் உட்பட, போய்ச் சேர்வதைக் கண்டார். அங்கே அதைக் காட்டக்கூடாது என்பது அப்போதைய விதி. ஆனால் அந்த விதியை நிறைவேற்றியது உலாவியில் ஓடும் நிரல்தான், அதை மாற்றப் பயனரால் முடியும். செய்தியில் இருந்த

```
viewOnce: true
```

என்பதை `false` என மாற்றினால் போதும். அது சாதாரணப் படமாகிவிடும். பிறகு பதிவிறக்கலாம், பரப்பலாம். இதை ஒரே சொடுக்கில் செய்யும் உலாவி நீட்டிப்புகள் அப்போதே புழக்கத்தில் இருந்தன. வாட்ஸ்அப் வெப் செயலியில் திருத்தங்கள் கொண்டுவருவதாக நிறுவனம் அறிவித்தது.

மறையாக்கம் இங்கே உடையவில்லை என்பது கவனிக்கத்தக்கது. வழியில் இருப்பவர் படத்தைப் பார்க்காமல் காப்பது மறையாக்கத்தின் வேலை. தம்பியிடம் சாவி இருக்கிறது, இருந்தே ஆக வேண்டும். இல்லையேல் அவரால் முதல்முறைகூடப் பார்க்க முடியாது. சாவி கிடைத்த ஒருவரை ஒரு பார்வையோடு நிறுத்தக் கணிதத்தில் வழியில்லை. அதைச் செய்வது செயலியின் ஒழுங்கு மட்டுமே. மாற்றியமைக்கப்பட்ட, அதிகாரப்பூர்வமற்ற வாட்ஸ்அப் செயலிகளைப் பயன்படுத்துபவரிடம் அந்த ஒழுங்கை எதிர்பார்க்க முடியாது.

நீங்கியதும் எஞ்சுவதும்

அனுப்பியவர் காணும் ‘திறக்கப்பட்டது’ என்ற குறி, பெறுபவர் படித்ததற்கான அறிவிப்பை இயக்கியிருந்தால் மட்டுமே வரும். அது வராததால் படம் திறக்கப்படவில்லை என்று முடிவுகட்டக் கூடாது. சர்வரிலும், பூட்டிய கோப்பு அனுப்பிய பிறகு சில வாரங்கள் இருக்கக்கூடும் என வாட்ஸ்அப் தெரிவிக்கிறது. சாவி இல்லாதவருக்கு அக்கோப்பால் பயனில்லை.

இந்த வசதி பாதிக்கப்பட்டவருக்கு எதிராகவும் வேலை செய்கிறது. மிரட்டலோ ஆபாசமோ வியூ ஒன்ஸ் படமாக வந்தால், மூடிய மறுகணம் சான்று போய்விடும். ஸ்கிரீன்ஷாட்டும் எடுக்க முடியாது. அத்தகைய படத்தை இன்னொருவரின் கைபேசியால் அனுப்பியவரின் பெயரோடு படமெடுத்து வைப்பதும், செயலியின் புகார் வசதியைப் பயன்படுத்துவதும் பலன் தரும். வியூ ஒன்ஸ் படத்தின்மேல் புகார் செய்தால் அந்தப் படம் வாட்ஸ்அப்பிடம் சேரும்.

ஒருமுறை மட்டும் காணும் படம் நம்பத்தக்க ஒருவரின் கைபேசியில் தேவைக்குமேல் ஒரு நகல் தங்காமல் பார்த்துக்கொள்கிறது: கைபேசி தொலைந்தாலும், பிறர் கைக்குப் போனாலும், கணக்கு எண்ணோ கடவுச்சொல்லோ அங்கே இருக்காது. நகலெடுக்க நினைத்தே திறக்கும் ஒருவரிடமிருந்து அது காப்பதில்லை. ஆகவே அனுப்பும் முன் எடைபோட வேண்டியது பெறுபவரையே.