பத்து சதவீதம் பார்த்தா போதுமா? - ஒரு போல்ட் பெட்டியின் சரித்திரம்

போன மாதம் சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு லீவுக்குப் போயிருந்தபோது சித்தப்பா ஒரு புதிர் போட்டார். அவர் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறவர். வருகிற போல்ட், நட்டு, வாஷர் எல்லாம் அவர் கையைத் தாண்டித்தான் உள்ளே போகும். அங்கே பல வருஷமாக ஒரே விதிதான். வந்த சரக்கில் பத்து சதவீதம் எடுத்து கேஜ் போட்டுப் பார். ஒன்று கெட்டிருந்தாலும் லாட்டைத் திருப்பி அனுப்பு.

"ஒரு சப்ளையர் ஆயிரம் போல்ட்டை ஒரே லாட்டா அனுப்பினப்போ மாசாமாசம் திரும்பிப் போச்சுடா. இப்போ அதே ஆளு ஐம்பது ஐம்பதா டப்பா போட்டு, டப்பாவுக்கு ஒரு சலான் வெச்சு அனுப்புறாரு. பெரும்பாலும் பாஸ் ஆயிடுது. மெஷின் மாத்தலைன்னு அவரே சொல்றாரு. அப்புறம் எப்படி?"

பி.காம் படிக்கிற பையனுக்குக் கேள்வி என்றால் கணக்குப் போடாமல் விடலாமா? போட்டேன். போட்டதில் நூறு வருஷத்துக் கதை ஒன்றும் கையில் மாட்டியது. அதுதான் இந்தப் பதிவு.

முதலில் புதிர். இரண்டு முறையும் போல்ட்டில் 2 சதவீதம் மரை சரியில்லாதவை என்று வைத்துக்கொள்வோம். ஆயிரத்தில் 20 கெட்டவை. அதில் 100 எடுத்துப் பார்த்தால் ஒன்றுகூட மாட்டாமல் தப்பிக்க வாய்ப்பு சுமார் 12 சதவீதம்தான். ஐம்பது போல்ட் டப்பாவில் கெட்டது ஒன்றே ஒன்று. அதில் 5 எடுத்துப் பார்த்தால் அந்த ஒன்று மாட்டாமல் போக வாய்ப்பு 90 சதவீதம்! போல்ட் அதே போல்ட், மெஷின் அதே மெஷின். டப்பா சின்னதானதும் சோதனை பல்லிழந்து போச்சு. இருபது டப்பா வந்தால் சராசரியாக இரண்டு திரும்பும். மீதி 18 டப்பாவும், அவற்றிலுள்ள 18 கெட்ட போல்ட்டும், ஜம்மென்று உள்ளே போய்விடும்.

ஆக, நம்மைக் காப்பாற்றுவது சதவீதம் இல்லை, எத்தனை எடுத்துப் பார்த்தோம் என்ற எண்ணிக்கை. இது நம்ம பாட்டிகளுக்கு எப்போதோ தெரியும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்றார்களே தவிர, பெரிய பானைக்குப் பத்து சதவீதம் தின்னு பார் என்று சொல்லவில்லை. ஆனால் பானையில் சோறு ஒரே மாதிரி வெந்திருக்கும். போல்ட் அப்படி இல்லை. மரை போடும் டை தேயத் தேயக் கடைசியில் வந்தவைதான் கெட்டிருக்கும். அதனால் டப்பாவின் மேலாக இருப்பதை மட்டும் அள்ளாமல் மேல், நடு, அடி என்று கலந்து எடுக்க வேண்டும். அப்படி எடுக்காவிட்டால் கீழே வரும் எந்தக் கணக்கும் செல்லாது.

சரி, பேசாமல் எல்லாவற்றையும் பார்த்துவிடலாமே என்று கேட்கலாம். மரையைக் கேஜ் போட்டு எல்லாவற்றையும் பார்க்க முடியும், நேரம்தான் ஆகும். பலத்தைப் பார்க்க முடியாது. 8.8 கிரேடு எம்12 போல்ட் சுமார் 6,900 கிலோ இழுவை தாங்க வேண்டும். தாங்குகிறதா என்று தெரிய இழுத்து அறுத்துத்தான் ஆக வேண்டும். எல்லாவற்றையும் அறுத்துப் பார்த்துவிட்டு எதை மாட்டுவது?

இப்போது சரித்திரத்துக்கு வருவோம். 1920களில் அமெரிக்காவில் பெல் டெலிபோன் ஆய்வுக்கூடத்தில் இதே தலைவலி. லட்சக்கணக்கில் உதிரி பாகங்கள் வருகின்றன. எத்தனை பார்ப்பது? எத்தனை கெட்டிருந்தால் விடுவது? அங்கே ஹரால்ட் டாட்ஜ், ஹாரி ரோமிக் என்ற இருவர் 1929-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் செய்த பெரிய காரியம், "சாம்பிள் பார்த்தால் தப்பு நடக்கத்தான் செய்யும்" என்று ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டதோடு விடாமல், எந்தத் தப்பு, எத்தனை தடவை, யார் தலையில் என்று கணக்கும் வைத்தார்கள்.

தப்பு இரண்டு வகை. நல்ல லாட், ஆனால் சாம்பிளில் தற்செயலாகக் கெட்டவை கூடுதலாக மாட்டி, லாட் திரும்பிப் போகிறது. நஷ்டம் செய்து கொடுத்தவருக்கு. இதன் வாய்ப்புதான் தயாரிப்பாளர் இடர். மோசமான லாட், ஆனால் சாம்பிளில் கெட்டவை மாட்டாமல் உள்ளே வந்துவிடுகிறது. நஷ்டம் வாங்கியவருக்கு. இதன் வாய்ப்பு நுகர்வோர் இடர்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போமா? 1000 போல்ட் லாட்டுக்கு இன்றைய அட்டவணைகளில் வழக்கமாக வரும் திட்டம் இது. 80 எடு. கெட்டவை 2 வரை இருந்தால் ஏற்றுக்கொள், 3 வந்தால் திருப்பு. எக்செல்லில் இதைத் தட்டிப் பாருங்கள்:

```
=BINOMDIST(2,80,0.05,TRUE)
```

விடை 0.2306. அதாவது 5 சதவீதம் கெட்டவை உள்ள லாட்கூட நூற்றுக்கு 23 தடவை பாஸ் ஆகும். 0.05-க்குப் பதில் 0.01 போட்டால் 0.95 வரும். 1 சதவீதம் மட்டுமே கெட்ட, நல்ல லாட் நூற்றுக்கு 95 தடவை பாஸ், சுமார் 5 தடவை அநியாயமாகத் திரும்பும். அந்த 5 சதவீதம்தான் தயாரிப்பாளர் இடர். 0.065 போட்டால் 0.10. ஆக, 6.5 சதவீதம் கெட்ட லாட்டை "மோசம்" என்று வைத்துக்கொண்டால் நுகர்வோர் இடர் 10 சதவீதம். நடுவில் 3 சதவீதத்தில் 57 தடவை பாஸ், 43 தடவை திரும்பும். கிட்டத்தட்ட பூவா தலையா!

இங்கே நான் முதலில் தடுக்கி விழுந்த இடம் ஒன்று உண்டு. நுகர்வோர் இடர் 10 சதவீதம் என்றால் "ஏற்றுக்கொண்ட லாட்களில் பத்தில் ஒன்று மோசம்" என்று நினைத்தேன். தப்பு. மோசமான லாட் ஒன்று வந்தால் அது நுழைய வாய்ப்பு 10 சதவீதம், அவ்வளவுதான். சப்ளையர் நல்லதையே அனுப்பினால் உள்ளே மோசம் எதுவும் இருக்காது. மோசத்தையே அனுப்பினால் உள்ளே வந்த ஒவ்வொன்றும் மோசம்தான். திட்டம் வடிகட்டி மாதிரி. எதை ஊற்றுகிறோம் என்பது அதன் கையில் இல்லை.

கதையில் திருப்பம் இரண்டாம் உலகப் போரில் வருகிறது. டாட்ஜும் ரோமிக்கும் போட்ட முதல் அட்டவணைகள் வாங்குபவர் பக்கம் நின்றவை. நுகர்வோர் இடர் 10 சதவீதம் என்று முதலில் ஆணியடித்துவிட்டு மற்றதைக் கணக்கிட்டார்கள். போரில் அமெரிக்க ராணுவம் ஏராளமான புதிய கம்பெனிகளிடம் வாங்க வேண்டிய நிலை. ஒழுங்காகச் செய்கிறவரின் சரக்கை அநியாயமாகத் திருப்பினால் சப்ளையே நின்றுவிடும். அதனால் 1942-ல் தொடங்கி ராணுவ அட்டவணைகள் மறுமுனையைப் பிடித்தன. "இந்த அளவுக்குள் கெட்டிருந்தால் பெரும்பாலும் ஏற்போம்" என்று செய்பவருக்கு வாக்குக் கொடுத்தன. அந்த அளவுக்குப் பெயர்தான் ஏ.கியூ.எல். இந்த வழி 1950-ல் ராணுவத் தரம் 105 ஆகி, 1974-ல் ஐ.எஸ்.ஓ. 2859 ஆனது. நம்ம நாட்டின் ஐ.எஸ். 2500-ம் (2000-ம் வருஷப் பதிப்பு) அதே அட்டவணைதான். போல்ட், நட்டுக்கென்றே ஐ.எஸ். 1367-ன் 17-ம் பகுதி தனியாக உண்டு.

இந்தியாவுக்கு இந்தச் சிந்தனை வந்ததும் சுவாரசியம். டாட்ஜோடு பெல்லில் வேலை பார்த்த வால்டர் ஷூவார்ட்டை மகலனோபிஸ் அழைத்தார். சுதந்திரம் கிடைத்த சில மாதங்களிலேயே, 1947-48-ல், அவர் வந்து தொழிற்சாலைகளில் புள்ளியியல் முறைத் தரக் கட்டுப்பாடு பற்றிப் பேசினார். பிறகு 1950களில் இந்தியப் புள்ளியியல் கழகம் பம்பாய், பெங்களூர், கல்கத்தா என்று தரக் கட்டுப்பாட்டுப் பிரிவுகள் திறந்தது.

அட்டவணை மட்டும் வந்தால் போதுமா? ஏ.கியூ.எல். 1 சதவீதம் என்று பர்ச்சேஸ் ஆர்டரில் எழுதிவிட்டு, "நமக்கு 1 சதவீதத்துக்கு மேல் கெட்டது வராது" என்று நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. மேலே பார்த்தோமே, 5 சதவீதம் கெட்டதும் 23 தடவை நுழையும். ஏ.கியூ.எல். செய்பவருக்குக் கொடுத்த வாக்கு, வாங்குபவருக்குக் கொடுத்தது இல்லை.

வாங்குபவரைக் காப்பாற்றுவது அட்டவணையோடு வரும் இன்னொரு விதி. தொடர்ந்து வரும் ஐந்து லாட்களுக்குள் இரண்டு திரும்பினால் கடுமையான சோதனைக்கு மாற வேண்டும். அப்போதும் 80 எடுப்போம், ஆனால் 1 வரைதான் அனுமதி. 5 சதவீதம் கெட்ட லாட் இப்போது 9 தடவைதான் நுழையும். ஆனால் 1 சதவீத நல்ல லாட்டும் நூற்றுக்கு 19 தடவை திரும்பும். தயாரிப்பாளர் இடர் 5-லிருந்து 19! அந்த வலிதான் மெஷினைச் சரிசெய்ய வைக்கும். தொடர்ந்து ஐந்து லாட் தேறினால் பழைய சோதனைக்குத் திரும்பலாம். இந்த மாற்று விதியை விட்டுவிட்டு அட்டவணையை மட்டும் பிடித்துக்கொண்டால் பாதித் திட்டம்தான் கையில் இருக்கும்.

சித்தப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். முதலில் சப்ளையர் மேல் கோபப்பட்டார். பிறகு கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அவரைச் சொல்லிக் குத்தமில்லடா. ஆயிரத்துல இருபது போனா திருப்புவோம்னு நாங்க அவர்கிட்ட எப்போ சொன்னோம்? ஒன்னு மாட்டினா திருப்புவோம்னுதானே சொன்னோம்" என்றார்.

அதுதான் விஷயம். ஒன்றுகூடக் கெடக் கூடாது என்கிற விதி கறாராகத் தெரியும். ஆனால் எவ்வளவு நல்லது நல்லது, எவ்வளவு மோசம் மோசம், தப்பினால் யாருக்கு எவ்வளவு என்று அதில் எங்கேயும் எழுதவில்லை. எழுதாத இடத்தில் டப்பாவின் அளவு தீர்மானிக்கிறது. இப்போது சித்தப்பா ஒரே ஒரு மாற்றம் செய்திருக்கிறார். ஒரே நாளில் ஒரே மெஷினில் ஓடியது எத்தனை டப்பாவில் வந்தாலும் ஒரே லாட், அதிலிருந்து கலந்து 80. அடுத்த லீவுக்குப் போகும்போது எத்தனை திரும்பியது என்று கேட்டு எழுதுகிறேன். கணக்கில் எங்காவது பிசகியிருந்தால் பின்னூட்டத்தில் தயங்காமல் சொல்லுங்கள்.