ஆஃபரை ஏத்துக்கிட்ட பிறகு 'வரல'ன்னு சொல்லணுமா? உறவு கெடாமல் மறுப்பது எப்படி?

வேலை மாறுபவர்களுக்கு, குறிப்பாக ஐ.டி. துறையில் இருப்பவர்களுக்கு, இந்தச் சிக்கல் புதிதல்ல. ஒரு கம்பெனியின் ஆஃபர் லெட்டரை ஏற்று ராஜினாமாவும் கொடுத்தாச்சு. 90 நாள் நோட்டீஸ் பீரியட் ஓடிக்கொண்டிருக்கும்போது இன்னொரு கம்பெனியிலிருந்து நல்ல ஆஃபர் வருகிறது. இப்போ முதல் கம்பெனிக்கு என்ன பதில் சொல்வது?

பலர் எதுவுமே சொல்வதில்லை. ஜாயினிங் தேதியில் ஹெச்.ஆர். போன் செய்தால் எடுப்பதும் இல்லை. அன்றைக்கு தர்மசங்கடம் தப்பிவிடும், ஆனால் பிறகு அது இடிக்கும். ஏன் என்று பார்ப்போம்.

ரெக்கார்டில் என்ன பதிவாகிறது?

நடுத்தர, பெரிய நிறுவனங்கள் பலவும் விண்ணப்பதாரர்களின் விவரத்தை ஒரு மென்பொருளில் வைத்திருக்கின்றன. உங்கள் மெயில் ஐ.டி. அல்லது போன் நம்பரைப் போட்டால் பழைய இன்டர்வியூ, கொடுத்த ஆஃபர், அதன் முடிவு எல்லாம் வரும். முன்கூட்டியே மறுத்தவருக்கு 'ஆஃபர் டிக்ளைன்டு' என்ற பதிவு இருக்கும். சொல்லாமல் விட்டவருக்கு 'நோ ஷோ'. இரண்டு வருஷம் கழித்து அதே கம்பெனிக்கு விண்ணப்பித்தால், புதிதாக வந்த ரெக்ரூட்டருக்கு உங்களைப் பற்றித் தெரிவது இந்த ஒரு வரிதான். முதலாவது சாதாரணமாக நடப்பது என்று கடந்துபோவார்கள். இரண்டாவதைப் பார்த்த பிறகு ரெஸ்யூமைத் திறக்கவே யோசிப்பார்கள்.

எப்போது சொல்வது?

ஒரு உதாரணம். பெங்களூரில் வேலை பார்க்கும் ஒரு சாஃப்ட்வேர் டெஸ்டர் என்று வைத்துக்கொள்வோம். சம்பளம் ஆண்டுக்கு ரூ.7 லட்சம். சென்னை கம்பெனி ஒன்று ரூ.9.5 லட்சம் தர, ஜூன் 5-ல் ஏற்று ராஜினாமா செய்கிறார். ஜாயினிங் செப்டம்பர் 3. ஜூலை 28-ல் சொந்த ஊரான கோவையிலேயே ரூ.10 லட்சத்துக்கு வேலை கிடைக்கிறது. அப்பா, அம்மாவுடன் இருக்கலாம் என்பதால் அதையே தேர்வு செய்கிறார்.

அவர் ஜூலை 30-ல் சென்னை கம்பெனிக்குச் சொல்லிவிட்டால் அவர்களுக்கு 35 நாள் இருக்கிறது. இன்டர்வியூவில் அடுத்த இடத்தில் இருந்தவரைக் கூப்பிட்டுப் பார்க்கலாம். புதிதாகத் தேடி மூன்று வாரத்தில் ஆள் கிடைத்தாலும், அவருக்கும் 90 நாள் நோட்டீஸ் என்றால் நவம்பர் 18-க்குத்தான் வருவார். இதையே செப்டம்பர் 2 சாயங்காலம் சொன்னால், அதே கணக்கில் டிசம்பர் 22 ஆகிவிடும். நடுவில் அந்த வேலையையும் சேர்த்துச் சுமப்பது அங்கிருக்கும் டீம்தான். மேனேஜருக்குக் கோபம் வருவதும் அதனால்தான். வரவில்லை என்பதைவிட, லேட்டாகச் சொன்னதுதான் அவருக்கு மனதில் நிற்கும்.

ஆனால் அவசரப்பட்டு ஜூலை 28 அன்றே மறுத்துவிடவும் கூடாது. 'செலக்ட் ஆயிட்டீங்க' என்று போனில் சொல்வது ஆஃபர் ஆகாது. சம்பளம், பதவி, ஜாயினிங் தேதி போட்ட லெட்டர் கைக்கு வந்து, அதை நீங்கள் ஏற்ற பிறகே முதல் கம்பெனியிடம் பேசுங்கள். இல்லாவிட்டால் இரண்டும் போய்விடும் ஆபத்து உண்டு.

முதலில் போன், பிறகு மெயில்

கன்சல்டன்சி மூலம் வந்த வேலை என்றால் கன்சல்டன்டிடமும் அன்றே சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் நீங்கள் சேர்ந்த பிறகுதான் அவருக்குக் கட்டணம் கிடைக்கும். அதனால் மனசை மாற்றப் பார்ப்பார், செய்தியைத் தள்ளிப்போடவும் செய்யலாம். அவரை மட்டும் நம்பி இருக்காமல் கம்பெனி ஹெச்.ஆரிடம் நீங்களே நேரடியாகப் பேசுவது நல்லது.

நம்ம உதாரணத்தில் பேச்சு இப்படிப் போகலாம்:

"மேடம், ரெண்டு நிமிஷம் பேசலாமா? செப்டம்பர் 3 ஜாயினிங் விஷயமா. என்னால ஜாயின் பண்ண முடியாத நிலைமை. சொந்த ஊர்லயே வேலை கிடைச்சிருக்கு, வீட்டோட இருக்க வேண்டியிருக்கு. ஆஃபரை ஏத்துக்கிட்டு இப்ப சொல்றதுக்கு ஸாரி. நீங்க வேற ஆள் பார்க்க டைம் வேணும்னுதான் உடனே கூப்பிட்டேன்."

அடுத்த கேள்வி அநேகமாக "எவ்வளவு தர்றாங்க?" என்பதாக இருக்கும். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். தொகையைச் சொன்ன மறுநொடி அது பேரமாகிவிடும். அவர்கள் மேலிடத்தில் பேசி ரூ.10.5 லட்சம் வாங்கி வந்த பிறகும் நீங்கள் மறுத்தால், ஹெச்.ஆருக்கு இரண்டு தடவை தலைகுனிவு. பேரம் பேசும் எண்ணம் இல்லை என்றால், "சம்பளம் காரணம் இல்லை மேடம், ஊர்தான்" என்று நிறுத்திக்கொள்ளுங்கள். புது கம்பெனியின் பெயரையும் சொல்லத் தேவையில்லை.

காரணம் ஒன்றே ஒன்று, அதுவும் உண்மையானது போதும். உடம்பு சரியில்லை, வீட்டில் விசேஷம் என்று கதை கட்டினால், நீங்கள் லிங்க்ட்இனில் புது வேலையைப் போடும் நாளில் குட்டு உடைந்துவிடும். உண்மைக் காரணத்தில் இன்னொரு லாபமும் உண்டு. 'ஊர்தான் தடை' என்று பதிவாகியிருந்தால், நாளைக்கு வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலை வரும்போது உங்கள் பெயர் அவர்கள் ஞாபகத்துக்கு வர வாய்ப்பிருக்கிறது.

பேசி முடித்ததும் அன்றே மெயில். ஆஃபர் லெட்டர் வந்த அதே மெயிலுக்குப் பதிலாக அனுப்புங்கள். ஆங்கிலத்தில் எழுதினாலும் விஷயம் இவ்வளவுதான்:

"இன்று போனில் பேசியபடி, செப்டம்பர் 3 அன்று டெஸ்டர் பணியில் சேர இயலாது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். குடும்பத்துடன் சொந்த ஊரில் இருக்க வேண்டிய சூழலில் அங்கேயே ஒரு வேலையை ஏற்றுள்ளேன். ஆஃபரை ஏற்ற பிறகு மறுப்பதால் உங்களுக்கு ஏற்படும் சிரமத்துக்கு வருந்துகிறேன். எனக்காக நேரம் ஒதுக்கிய உங்களுக்கும் இன்டர்வியூ குழுவுக்கும் நன்றி. கோவையில் அல்லது வீட்டிலிருந்தே பணிபுரியும் வாய்ப்பு வந்தால் தெரிவியுங்கள்."

கடைசி வரியைக் கவனியுங்கள். 'எதிர்காலத்தில் சேர்ந்து பணியாற்ற ஆவல்' என்று பொதுவாக எழுதினால் யாரும் அதைச் சட்டை செய்ய மாட்டார்கள். எந்த மாதிரி வேலைக்குக் கூப்பிடலாம் என்று சொன்னால்தான் கூப்பிடுவார்கள்.

கம்பெனியின் போர்ட்டலில் ஆஃபரை ஏற்றிருந்தால் அங்கேயும் மறுப்பைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். லேப்டாப் கூரியரில் வந்திருந்தால் திருப்பி அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். முன்பணமாக ஏதாவது வாங்கியிருந்தால், ஆஃபர் லெட்டரில் அது பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று போன் செய்வதற்கு முன்பே படித்துவிடுங்கள்.

பிறகு?

இன்டர்வியூ எடுத்த மேனேஜருக்குத் தனியாக இரண்டு வரி அனுப்பலாம். ஹெச்.ஆர். வேலை மாறிப் போய்விடலாம். டெக்னிக்கலாக உங்களை எடை போட்டவர் மேனேஜர்தான், அவர் வேறு கம்பெனிக்குப் போனாலும் உங்களை நினைவில் வைத்திருப்பார். அதே வேலைக்குப் பொருத்தமான நண்பர் இருந்தால், அவரைக் கேட்டுவிட்டு ரெஸ்யூமை ஹெச்.ஆருக்கு அனுப்புங்கள். அந்த நேரத்தில் அவர்களுக்கு ஆறுதலான விஷயம் அதுதான்.

மீண்டும் அதே கம்பெனிக்கு விண்ணப்பிக்கும்போது பழைய மெயில் ஐ.டி.யையே கொடுங்கள். புது ஐ.டி. கொடுத்து மறைத்தால் போன் நம்பரில் தெரிந்துவிடும். விண்ணப்பத்திலேயே, "முன்பு ஒரு ஆஃபரை ஜாயினிங்குக்கு 35 நாள் முன்னதாக மறுத்தேன், காரணம் ஊர்" என்று ஒரு வரி எழுதிவிட்டால் ரெக்ரூட்டர் பழைய பதிவைத் தேடும்போது இரண்டும் ஒத்துப்போகும். சில கம்பெனிகளில் மறுத்தவர்களை இத்தனை மாதம் கழித்துத்தான் பரிசீலிப்போம் என்று விதி இருக்கும், அதை மட்டும் ஹெச்.ஆரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.