எபிசோட்: idk-க்கு ஆறு தட்டு

நோக்கியா 1100 மாதிரி பட்டன் போன்ல மெசேஜ் அடிச்சவங்களுக்கு இந்தக் கணக்கு கைல இருக்கும். "i don't know"ங்கிறத மேற்கோள் குறி இல்லாம அடிச்சா, இடைவெளியோட சேர்த்து மொத்தம் 20 தட்டு. அதுலயும் o, n ரெண்டும் ஒரே 6-ஆம் பட்டன்ல இருக்கு. அதனால don't-ல ஒரு தடவை, know-ல ஒரு தடவை நிறுத்திக் காத்திருக்கணும். idk-னா 4 மூணு தடவை, 3 ஒரு தடவை, 5 ரெண்டு தடவை. ஆறே தட்டு, காத்திருப்பே கிடையாது.

அதோட ஒரு எஸ்.எம்.எஸ்ஸுக்கு 160 எழுத்துதான். 140 பைட்டுக்குள்ள, எழுத்துக்கு 7 பிட் வச்சா அவ்வளவுதான் கொள்ளும். தமிழ் எழுத்துக்கு 16 பிட் தேவை, அதனால வெறும் 70. நாம இங்கிலீஷ் எழுத்துல தமிழ் அடிச்சுப் பழகினதுக்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, இன்னைக்கு முழு கீபோர்டு இருக்கு. போனே வார்த்தையை முடிச்சுக் கொடுக்குது. அப்புறமும் ஏன் idk போகல? ஏன்னா அது வேற வேலைக்குப் போயிடுச்சு. "எங்க சாப்பிடலாம்?"னு நண்பர் கேக்கறார். "I don't know." அப்படின்னு முற்றுப்புள்ளியோட பதில் வந்தா, கோவமோன்னு தோணும். "idk" வந்தா, எங்கனாலும் சரிங்கிற மாதிரி இருக்கும். "அந்தக் கடை ரொம்ப கூட்டமா இருக்கும் idk"ன்னா, சொன்ன கருத்தையே பாதி திரும்ப வாங்கிக்கிறோம்.

இதுக்கு எனக்குப் பிடிச்ச சாட்சி fr. அமெரிக்கக் கறுப்பினத்தவர் பேச்சுல ஊறின "for real"தான் இது. இத அழுத்திச் சொல்ல "fr fr"னு ரெட்டிப்பாங்க. சுருக்குறது மட்டும்தான் நோக்கம்னா, சுருக்கினத யாராவது ரெண்டு தடவை எழுதுவாங்களா? நாம "நெஜமா, நெஜமா"ங்கிறோம்ல, அதே ஆள்தான்.

ngl-ஐ "பொய் சொல்ல மாட்டேன்"னு பெயர்த்தா சத்தியம் பண்ற மாதிரி ஆயிடும். நம்ம "சும்மா சொல்லக்கூடாது" கிட்டத்தட்ட பொருந்தும், ஆனா அது பெரும்பாலும் பாராட்டுக்குத்தான் முன்னாடி வரும். ngl திட்டுக்கும் வரும்: "ngl படம் மொக்க." அடி விழப்போகுதுன்னு முன்கூட்டியே ஒரு தலையணை.

smh-தான் ஆபத்தானது. "shaking my head"ங்கிறது அதிருப்தி. நம்ம ஊர்ல தலையாட்டினா சம்மதம்னும் ஆகலாம். தலையில அடிச்சுக்கறதுதான் இதுக்குச் சரியான ஜாடை. யாரைப் பாத்து அடிச்சுக்கறாங்கன்னு அந்த மூணு எழுத்துல இருக்காது. நீங்க உங்க லேட்டான பஸ்ஸப் பத்திப் புலம்புறீங்க, நண்பர் smh-னு அனுப்புறார். பஸ்ஸுக்கா, எட்டரைக்கு எந்திரிச்ச உங்களுக்கா? முந்தின ரெண்டு மெசேஜப் படிச்சாதான் தெரியும், அதுலயும் தெரியலைன்னா போன் பண்ணிக் கேட்டுடுங்க.